கழுவிய சட்டிக்குள் ஒரு சீட்டு

பனி கொட்டித் தீர்த்த ஒரு வெள்ளிக்கிழமை காலையில், ஒரே ஒரு துண்டுச் சீட்டை வைத்து, மொன்றியலின் கிழக்குப் பக்கத்துப் பனிவாரி வண்டிகள் இருபத்திமூன்றையும் ஒரே நொடியில் நடுத்தெருவில் நிற்க வைத்தவள் லோர்னா பிரிட்சர்ட். கேட்டவர்கள் சிரித்தார்கள். பதினேழு வருடமாக அங்கே வண்டி ஓட்டும் ரெஜான் மட்டும் மேசையைத் தட்டினான்.

"அளக்குறதுக்கும் ஒரு அளவு வேணாமா? என் வண்டியும் அதுல ஒண்ணு. நான் அதுக்காக நிக்கல!"

சரி, நடந்ததைக் கேளுங்கள்.

வண்டிகளுக்கு வானொலியில் வழி சொல்லும் அறையில் இரண்டே பேர். ஒருத்தி கிஸ்லேன் திபோதோ, முப்பது வருட அனுபவம். அவள் ஒரு அதட்டல் போட்டால் கூரையில் தொங்கும் பனிக்கட்டி ஊசிகள் உதிரும். அவள் அழுது பார்த்தவர்கள் உயிரோடு இல்லை. இன்னொருத்தி லோர்னா. சஸ்காச்சுவானின் கோதுமைக் காட்டிலிருந்து வந்தவள், வேலையில் இன்னும் சோதனைக் காலம். அது முடிவது அதே வெள்ளிக்கிழமை. அவளை வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று மேலதிகாரி கேட்பது ஒரே ஆளிடம்: கிஸ்லேன்.

முதல் நாளே கிஸ்லேன் சொல்லியிருந்தாள். "இந்த ரூம்ல வாங்க போங்கல்லாம் கெடையாது. என்னை நீன்னு கூப்பிடு, நானும் உன்னை நீன்னுதான் கூப்பிடுவேன்."

ஜனவரியில் லோர்னாவுக்கு நெஞ்சில் சளி கட்டி இரண்டு வாரம் படுக்கை. கிஸ்லேன் இரண்டு பேர் வேலையையும் பார்த்தாள். போதாததற்கு, உறைந்து வழுக்கும் வெளிப் படிக்கட்டில் கம்பியைப் பிடித்து ஏறி, நீலச் சட்டி நிறையப் பட்டாணி சூப்பை லோர்னாவின் வாசலில் வைத்துவிட்டுப் போனாள். மணிகூட அடிக்கவில்லை.

இதற்கு எப்படி நன்றி சொல்வது? லோர்னாவின் பிரெஞ்சு வாயோடு சரி, எழுதிப் பழக்கமில்லை. தேவாலயப் பழைய சாமான் விற்பனையில் வாங்கிய கடிதப் புத்தகம் ஒன்று இருந்தது. அதைப் பார்த்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, அச்சுப் போன்ற எழுத்தில் எழுதினாள்: 'மதிப்புக்குரிய அம்மையார் அவர்களுக்கு, தாங்கள் புரிந்த உதவிக்கு என் மனமார்ந்த நன்றி. எனது மேலான உணர்வுகளை ஏற்றருளுமாறு வேண்டுகிறேன்.'

திங்கட்கிழமை காலை அதைக் கிஸ்லேன் படித்தாள். இரண்டாக மடித்தாள். நான்காக மடித்தாள். எட்டாகவும் மடித்தாள்.

"நன்றிங்க, திருமதி பிரிட்சர்ட். ரொம்ப அழகா எழுதியிருக்கீங்க."

அந்த 'நீங்க' லோர்னாவின் முதுகில் பனிக்கட்டியாக இறங்கியது. செவ்வாய்க்கிழமை முழுக்கவும் அதுதான். "அந்த வரைபடத்தக் கொஞ்சம் நகர்த்துறீங்களா?" "காப்பி போட்டிருக்கேன், வேணும்னா எடுத்துக்குங்க." கிஸ்லேன் திட்டியிருந்தால்கூடத் தேவலை. மரியாதை கூடக்கூட லோர்னாவின் கவனம் சிதறியது. வண்டி ஒன்றைத் தப்பான தெருவுக்கு அனுப்பினாள். 'இதையும் சேர்த்துத்தான் மேலதிகாரிகிட்ட சொல்லுவா' என்று நினைத்துக்கொண்டாள்.

புதன்கிழமை, சாப்பாட்டு அறையில் ரெஜானைப் பிடித்தாள். நன்றிக் கடிதத்தின் நகலைப் படித்த ரெஜான், கடித்த சாண்ட்விச்சை விழுங்க மறந்தான்.

"தபர்னாக்!" என்று ஊர் வசவை உதிர்த்தான். "இது நன்றியா, நோட்டீஸா? போன வருஷம் எங்க வீட்டுக்காரன் என்னைக் காலி பண்ணச் சொல்லி எழுதினான் பாரு, கடைசி வரி அச்சு அசல் இதேதான்!"

"மரியாதையா இருக்கட்டுமேன்னு..."

"தெரியாதவங்களுக்கு எழுதுற மரியாதை அது. ஆறு மாசமா நீன்னு பேசினவளுக்குப் போய் இப்படி எழுதினா என்ன அர்த்தம்? 'உன் சூப்பக் குடிச்சாச்சு, இனிமே தள்ளி நில்லு'ன்னு அர்த்தம். உன்னைத் தொலைச்சுட்டா, போ!"

"இப்ப என்ன செய்யட்டும் ரெஜான்?"

அவன் கோட்டுக்குள்ளிருந்து ஓர் உறையை எடுத்தான். வெள்ளிக்கிழமை கிஸ்லேனுக்கு அறுபது வயது. அவளுக்குத் தெரியாமல் சுற்றிவரும் வாழ்த்து அட்டை. லோர்னாவின் பேனா அட்டையின் மேல் நின்றது. புத்தகத்தில் இருந்த பிறந்தநாள் வாழ்த்தைச் சொல்லிப் பார்த்தாள்: "ஜ்வாயோ அனிவெர்சேர்..."

"அது பாரிஸ்காரங்க பேச்சு. இங்க 'போன் ஃபெத்'. அத எழுது, ஒரு வரி நல்லதா சேரு, பேரப் போடு."

"இதுலயே நன்றியும் மன்னிப்பும்..."

"ஐயோ வேணாம் தாயே! இது ஊரே படிக்கிற அட்டை. உங்க ரெண்டு பேர் விஷயத்த ரெண்டு பேருக்குள்ள வை. தனியா எழுது."

"கடைசியில 'முத்தங்களுடன்'னு போடலாமா?"

"நோட்டீஸ்லேருந்து நேரா முத்தத்துக்கா? நடுவுல நிறையப் படி இருக்கு. 'நட்புடன்'ல நில்லு."

அட்டையில் லோர்னா எழுதினாள்: 'போன் ஃபெத், கிஸ்லேன்! இந்த வருஷமாவது பனி உனக்குக் கொஞ்சம் ஓய்வு தரட்டும். லோர்னா.' 'உனக்கு' என்று எழுதியதை இரண்டு முறை திரும்பப் படித்தாள். அவள் 'நீங்க' என்று விலகிப்போன பிறகு இவள் 'நீ' என்று நெருங்கினால், நெருப்பில் எண்ணெய் ஊற்றியது போல ஆகிவிட்டால்?

வியாழக்கிழமை மாலை தனிச் சீட்டுக்கு உட்கார்ந்தாள். கிழித்துப் போட்ட தாள்களை வைத்து ஒரு வீட்டையே சூடாக்கியிருக்கலாம். கடைசியில் புத்தகத்தை மூடிவிட்டு, வாயால் சொல்வதையே எழுதினாள். நீலச் சட்டியைக் கழுவித் துடைத்தாள். காலிச் சட்டியைத் திருப்பித் தரலாகாது. நாலு மேப்பிள் பிஸ்கட்டை வைத்து, மேலே சீட்டை வைத்து மூடினாள்.

வெள்ளிக்கிழமை காலை. வெளியே முழங்கால் அளவு பனி. கிஸ்லேன் மேசைமுன் உட்கார்ந்திருந்தாள். அவள் கால், வானொலியில் பேசுவதற்கான மிதியின் மேல் இருந்தது. அந்த மிதியை அழுத்தினால் அவள் பேசுவது எல்லா வண்டிகளுக்கும் கேட்கும். அழுத்தியிருக்கும்வரை வேறு யாரும் பேச முடியாது. லோர்னா சட்டியை மேசையில் வைத்தாள். மூடியை அவளே எடுத்தாள்.

கிஸ்லேன் சீட்டை எடுத்தாள். எப்போதும்போல் எழுத்துக்கூட்டி, தாழ்ந்த குரலில் வாய்விட்டுப் படித்தாள்.

"'கிஸ்லேன், திங்கக்கிழமை எழுதினது நான் இல்ல, ஒரு பழைய புத்தகம். உன் சூப்பை மூணு நாள் குடிச்சேன். இந்த ஊர்ல என் வாசப்படி ஏறின முதல் ஆள் நீதான். உன் கால் வழுக்கியிருந்தா நான் என்ன செஞ்சிருப்பேன்? இனிமே மணி அடி. நன்றி. நட்புடன், லோர்னா.'"

கிஸ்லேன் சீட்டை மடித்தாள். 'முடிந்தது' என்று லோர்னா கண்ணை மூடிக்கொண்டாள். பெட்டி படுக்கை, ரயில், கோதுமைக் காடு எல்லாம் கண்ணுக்குள் ஓடின. அப்போது ஒரு சத்தம் கேட்டது. அடைத்த குழாய் திறந்ததுபோல ஒரு விசும்பல், பின்னாலேயே ஒரு பெரும் அழுகை.

"அடி முட்டாளே," என்றாள் கிஸ்லேன். "உன்னைப் போகச் சொல்லணும்னு பேப்பர எழுதியே வச்சிருந்தேன்டி!" அதைக் கிழித்தாள். எழுந்து லோர்னாவின் இரண்டு கன்னத்திலும் அழுத்தி முத்தம் வைத்தாள். எழுந்தபோதுதான், அதுவரை அழுத்திக்கொண்டே இருந்த மிதியிலிருந்து கால் விலகியது. விலகியதுமே வானொலிப் பெட்டிக்குள்ளிருந்து ஓட்டுநர்களின் குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன: "யாரு செத்தா?" "நகரமே போச்சா?" "எட்டாம் நம்பர் நின்னுட்டேன், என்ன செய்யணும்?"

அந்த அழுகையைக் கேட்டு வண்டியை நிறுத்தியதைத்தான் ரெஜான் வெகுநாள் மறுத்து வந்தான். அன்று தன் வண்டி நின்றது எண்ணெய்க் குழாய் கிழிந்ததால்தான் என்று படிவத்தில்கூட எழுதியிருந்தான். போன வாரம் சாப்பாட்டு அறையில் கிஸ்லேன் அவன்முன் சூப்புக் கிண்ணத்தை வைத்து, குனிந்து பார்த்தாள்.

"என் கண்ணப் பாத்துச் சொல்லு. குழாய் கிழிஞ்சுதா?"

ரெஜான் கிண்ணத்தைப் பார்த்தான். லோர்னாவைப் பார்த்தான்.

"கிழியல," என்றான். "நின்னேன். நடந்தது நிஜந்தான். வண்டிக் கண்ணாடி மங்கிப்போச்சு, உள்பக்கமா."