விளம்பர இடைவேளையில் வந்த குரல்

அப்பா டப்பிங் கலைஞர். முகம் காட்டி நடித்தது இரண்டே படங்களில். அவர் போன பிறகு அம்மா அந்த இரண்டையும் மாலைதோறும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். செலவைக் குறைக்கலாமென்று மகள் வீடியோ சேவையை விளம்பரம் வரும் மலிவான திட்டத்துக்கு மாற்றினாள். அம்மாவிடம் சொல்லவில்லை.

புதுத் திட்டம் தொடங்கிய அன்றே வினை வந்தது. முதல் படத்தின் மீது பூட்டுச் சின்னம். உரிம ஒப்பந்தப்படி இந்தத் திட்டத்தில் அது கிடையாதாம். இரண்டாவது ஓடியது. ஆனால் தெளிவு 4கேயிலிருந்து 720க்கு இறங்கிய படம் பெரிய டிவியில் மங்கித் தெரிந்தது. நீதிமன்றக் காட்சியில் கூட்டத்தின் பின்வரிசையில் நிற்கும் அப்பாவுக்கு மூக்கும் கண்ணும் கரைந்து, வெறும் வெளிர்ப்பு மட்டும் மிஞ்சியது.

"அவர் மூஞ்சி எங்கடி?" என்றாள் அம்மா.

மகள் பதில் தேடுவதற்குள் படம் நின்று விளம்பரம் வந்தது. தள்ளிவிட வழியில்லை. திரையில் ஒரு பெண் கதவை நோக்கிப் போகிறாள், அழைப்புமணி அடிக்கிறது.

"யாருன்னு பாத்துட்டுத் தொறம்மா."

அப்பாவின் குரல். எப்போதோ ஒரு பூட்டுக் கம்பெனிக்காகப் பேசியது. அம்மா எழுந்து போய் வாசற்கதவின் துளை வழியே பார்த்தாள். திரும்பி வந்து மறுபடி திரைமுன் உட்கார்ந்தாள்.

மறுநாளே மகள் திட்டத்தை மாற்றியதைச் சொல்லிவிட்டுப் பழையதற்கே மாறினாள். மேலே ஏறுவது உடனே நடந்துவிட்டது: பூட்டு போயிற்று, அப்பாவின் முகம் திரும்பிற்று, விளம்பரமும் போயிற்று. அம்மா ஒரு படத்தைக்கூட முழுதாகப் பார்க்கவில்லை. மலிவானதையே திரும்பப் போடு என்றாள். கீழே இறங்க அடுத்த கட்டணத் தேதி வரை காத்திருக்க வேண்டும் என்று மகள் விளக்கினாள். அம்மா காத்திருந்தாள்.

தேதி வந்தது. அதன்பின் எது ஓடினாலும் அம்மாவுக்குக் கவலையில்லை. சமையல் நிகழ்ச்சி, கார் பந்தயம், எதுவும். இடைவேளை வந்ததும் மட்டும் நிமிர்ந்து உட்காருவாள். சோப்பு வந்தது, செருப்பு வந்தது, கடன் செயலி வந்தது. எந்த விளம்பரம் யாருக்கு என்பதைச் சேவைதான் முடிவு செய்யும், அந்தப் பூட்டு விளம்பரம் முடிந்துபோயிருக்கலாம் என்றெல்லாம் மகள் சொல்லிப் பார்த்தாள்.

கடைசியில் அப்பா பேசிய ஒலிப்பதிவுக் கூடத்தில் கேட்டு அந்தக் குரல் கோப்பை வாங்கி, போனை நீட்டினாள். "இதுல இருக்கும்மா. எப்ப வேணா போட்டுக்கலாம்."

அம்மா தொடவில்லை. "வேண்டாம். கூப்பிட்டப்பல்லாம் வந்தா அது உங்கப்பா இல்ல."

மகள் போனை அணைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். திரையில் மீன்களைப் பற்றி யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். இடைவேளைக்கு இன்னும் நேரமிருந்தது.