சந்திரகலாவின் ஹலோ

எரியும் கற்பூரத்தை அடித்து அணைத்துச் சத்தியம் செய்கிறேன்: கீழே உள்ளதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு சேலைக்கடை மாடியில், வேலைக்குப் போகும் பெரியவர்களுக்கு ஆங்கிலம் பேசக் கற்றுக்கொடுத்தேன். சந்திரகலா கிள்ளானிலிருந்து ரயிலேறி வருவார். பார்சல் கம்பெனியில் போனில் புகார் கேட்கும் வேலை. ஹலோவில் கனிவு வராவிட்டால் மாதக் கடைசியில் நிறுத்திவிடுவோம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். கணவர் இல்லை. ஐம்பது வயதில் வேறு எவனும் வேலைக்குக் கூப்பிடவும் இல்லை.

"எங்கே, சொல்லுங்க."

"ஹலோ."

கீழே சேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கலைந்தார்கள்.

"சரியாத்தானே சார் சொன்னேன்?"

"ரெண்டு அசையையும் ஒரே எடையில வெட்டிப் போடுறீங்க லா. போலீஸ் கதவைத் தட்டுற மாதிரி இருக்கு. 'ஹ' லேசா போகட்டும். அழுத்தம் எல்லாம் 'லோ'வில. அதை நீட்டுங்க. அங்கே குரல் மேலே ஏறி, சறுக்கி இறங்கி, கடைசியில துளி நிமிரணும்."

அவர் நிமிர்த்தினார். "இது கேள்வி. 'யாருடா நீ'ன்னு கேக்குறீங்க" என்றேன்.

வாயை மூடி ராகத்தை மட்டும் முனகச் சொன்னேன். ராகம் வந்தது, கனிவு வரவில்லை. "போனை எடுக்குமுன்னே, யார் கூப்பிட்டா மனசு குளிருமோ அவங்களை நினைங்க."

மெல்போர்னில் இருக்கும் மகன் ராஜனை நினைத்தார். ஹலோ கனிந்தது. போர்ட் கிள்ளானிலிருந்து காணாமல்போன பார்சலுக்காகப் போனில் கத்த வந்த லோரிக்காரர் ஒருவர், பார்சலை மறந்து, "சாப்ட்டீங்களாக்கா?" என்று விசாரித்தாராம். மேனேஜரே வேறு வேறு நம்பரிலிருந்து கூப்பிட்டுக் கேட்டாராம். வேலை நிலைத்துவிடும் என்றுதான் நினைத்தோம்.

மாதக் கடைசிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ராஜன் கூப்பிட்டான். பழக்கத்தில் அவர் அதே ஹலோவைச் சொன்னார்.

"ஆன்டி, அம்மா இருக்காங்களா?" என்றான்.

"நான்தான்டா."

"ஐயோ, என்னம்மா இது! கம்பெனிக்காரி மாதிரி பேசுறே. எப்பவும் போல வள்ளுனு எடும்மா. இது நீ இல்ல."

மறுநாள் காலையில் ஆபீஸில் போன் அடித்தது. அவர் மகனை நினைத்தார். மகன் வந்து, "இது நீ இல்ல" என்றான். குரல் தரையில் கிடந்தது. அடுத்த போனிலும் அப்படியே. அதில் கூப்பிட்டது மேனேஜர், அன்று சொந்த நம்பரிலிருந்தே.

சாயங்காலம் மாடிக்கு வந்தார். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"வேற யாரையாவது நினைங்க" என்றேன்.

விரல் விட்டு எண்ணத் தொடங்கினார்; முதல் விரலோடு நின்றது. "வேற யார் சார் இருக்கா?"

நானும் யோசித்துப் பார்த்தேன். எனக்கும் யாரும் தட்டுப்படவில்லை. அவர் ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார். படியில் இறங்கும்போது ஒரு ஹலோ சொல்லிப் பார்த்தார். அதைவிட உயிரில்லாத சத்தத்தை நான் கேட்டதில்லை.

முப்பது வயதிலிருந்தே, அந்த வகுப்பு தொடங்கும் முன்பே, எனக்கு இரண்டு காதும் சுத்தமாகக் கேட்காது.