வட்டத்துக்கு வெளியே சந்தனமேரி

கேடயம் வாங்கிவந்த மறு வாரமே சந்தனமேரிக்கு ஆள்குறைப்பு நோட்டீஸ் வந்தது. வேலைக்குக் கடைசியாகச் சேர்ந்தவள் அவள்தான் என்பதால் சட்டத்திலும் பிழை சொல்ல வழியில்லை.

திருமயம் சாலையில் உள்ள அந்த நூற்பாலையில் பரிமளா தரவட்டத்தின் தலைவி. தரவட்டம் என்று யாரும் சொல்வதில்லை, சர்க்கிள்தான். ஒரே பகுதியில் வேலை செய்கிறவர்கள் இஷ்டப்பட்டுச் சேர்ந்து, வாரம் ஒருமுறை உட்கார்ந்து, தங்கள் வேலையில் வரும் கோளாறுக்குத் தாங்களே வழி கண்டுபிடித்து நிர்வாகத்திடம் சொல்வார்கள். டீயும் வடையும் உண்டு. பேச விடுகிறார்களே என்ற பெருமை அதைவிட ருசியாக இருந்தது.

கோளாறு இதுதான். மெல்லிய நூலும் தடித்த நூலும் ஒரே வெள்ளைக் குழலில் சுற்றி வருவதால் கூடையில் கலந்துவிடும். அதைப் பிரித்துப் போடுவது சந்தனமேரியின் வேலை. அவள்தான் ஒருநாள், "ஒவ்வொரு நூலுக்கும் ஒரு கலர்ல குழல் குடுத்தா கலக்கவே கலக்காதுல்லக்கா?" என்றாள். சர்க்கிள் சோதித்துப் பார்த்தது, கணக்கு எடுத்தது, திருச்சி போட்டியில் பரிமளா மைக் பிடித்துச் சொன்னாள். எல்லோரும் கை தட்டினார்கள், கேடயமும் கிடைத்தது. ஆலையில் கலர்க் குழல் வந்து கலப்பு நின்றது. பிரிப்பதற்கு எதுவும் இல்லாமல் போனது.

யோசனை சொன்னவளையே அந்த யோசனை வெளியே தள்ளுமென்று பரிமளாவுக்கு எப்படித் தோன்றும்? அடுத்த சர்க்கிளில் அவள் சந்தனமேரியின் நோட்டீஸைப் பற்றியே பேச்செடுத்தாள்.

தர மேலாளர் குணசேகரன் கெட்டவர் அல்ல. குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார்: "பரிமளா, வேலைய எப்படிச் செய்யிறதுன்னு பேசத்தான் இந்தச் சர்க்கிள். எத்தன பேர் செய்யணுங்கிறது இங்க பேசுற விஷயம் இல்லம்மா."

"அப்ப எங்கிட்டுப் போய்ப் பேசுறதுங்க சார்?"

அவர் குறிப்பேட்டை மூடிவைத்தார். மூலையில் இருந்த ஆரோக்கியதாஸ், பாதி வயதை மில்லிலேயே கழித்தவர், சொன்னார்: "அதுக்குத்தான் ஒர்க்ஸ் கமிட்டி. நாம ஓட்டுப் போட்டு அனுப்புற ஆளுங்க ஒரு பக்கம், நிர்வாகம் ஒரு பக்கம், அவங்க எண்ணிக்கைக்குக் கொறையாம நம்ம ஆளு இருக்கணும். போன தடவ தேர்தலுக்கு நோட்டீஸ் ஒட்டுனப்ப யாருமே பேர் குடுக்கலையே. நீயென்ன சொன்ன?"

பரிமளாவுக்கு முகம் சுருங்கிப்போனது. 'நமக்குத்தான் சர்க்கிள் இருக்கே, கமிட்டி வேற எதுக்கு?' என்று பஸ்ஸில் எல்லோரிடமும் சொன்னவள் அவள். வாரம் தவறாமல் பேசக் கூப்பிட்டார்கள், பேசினாள். அதையே முடிவெடுப்பதில் தனக்கும் பங்கு என்று நம்பிவிட்டாள். நிர்வாகம் கேட்க விரும்பியதைப் பேசுவதும், தொழிலாளி பேச விரும்பியதை நிர்வாகம் கேட்டே ஆகவேண்டியிருப்பதும் ஒன்றல்ல. இது உறைக்க ஒருத்திக்கு வேலை போகவேண்டியிருந்தது.

சர்க்கிளில் தொழிலாளிக்கு உண்மையிலேயே சொந்தமான உரிமை ஒன்று உண்டு: வராமல் இருப்பது. அடுத்த வாரம் டீ ஆறியது, குணசேகரன் மட்டும் உட்கார்ந்திருந்தார். அதற்கடுத்த வாரமும் அப்படியே. "தேர்தல் வைங்க சார், வாரோம்" என்றாள் பரிமளா.

தேர்தல் வைத்தார்கள். பரிமளா ஜெயித்தாள். ஆனால் பெயர் கொடுக்க, சரிபார்க்க, ஓட்டுப்போட என்று நாள் ஓடியதில் நோட்டீஸ் காலம் முடிந்து, சந்தனமேரி கோயம்புத்தூர் பக்கம் ஒரு மில்லுக்குப் போய்விட்டாள்.

கமிட்டியின் முதல் கூட்டத்தில் பரிமளா கேட்டது ஒன்றுதான்: யோசனை சொல்வதால் யாருக்கும் வேலை போகக்கூடாது. ஆலைத் தலைவர் அலுத்துக்கொண்டார்: "ஆள் எண்ணிக்கையை இந்தக் கமிட்டி முடிவு பண்ண முடியாதும்மா. இது கலந்து பேசுற இடம்."

"முடிவு பண்ணச் சொல்லலீங்க. சர்க்கிள்ல சொன்ன யோசனையால ஒருத்தருக்கும் வேலை போகாது, வேற எடத்துல போடுவோம்னு நீங்களே வாக்குக் குடுங்க. இல்ல, குடுக்க மாட்டோம்னு சொல்லுங்க. எதுன்னாலும் கூட்டக் குறிப்புல ஏறட்டும். யோசனை சொல்றதா வேணாமான்னு நாங்க பாத்துக்கிறோம்."

ஆலைத் தலைவர் குணசேகரனைத் திரும்பிப் பார்த்தார். யோசனை இல்லாத சர்க்கிளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? குணசேகரன் ஆலைத் தலைவரின் காதருகே குனிந்து ஏதோ சொன்னார். வாக்கு குறிப்பில் ஏறியது. இரு பக்கமும் கையெழுத்தானது. ஆரோக்கியதாஸ் பரிமளாவின் தோளைத் தட்டினார். அவளுக்குச் சந்தோஷமே வரவில்லை.

திருக்கோகர்ணத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் சந்தனமேரிக்குப் போன் போட்டுச் சொன்னாள்.

"நல்லதுக்கா" என்றாள் அவள். குரலில் கோபம் துளியும் இல்லை, அதுதான் பரிமளாவைக் குத்தியது. "அடுத்தவளுக்காவது ஆகும்ல. அக்கா, ஒண்ணு கேக்கணும். இங்கிட்டும் சர்க்கிள் இருக்கு. நான் பாத்த ஒடனே ஒரு கோளாறு தெரிஞ்சுது, வழியும் தெரிஞ்சுது. வந்து சொல்லுன்னு கூப்புடுறாங்க. சொல்லட்டுமா?"

பரிமளா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"சொல்லாத மேரி" என்றாள். "அங்க கமிட்டி இருக்கான்னு மொதல்ல கேளு."