கடைசி வரிசையில் பென்சில் எழுத்து

சாராம்மா சிஸ்டருக்குத் தன்னைப் பற்றி ஒரு நல்ல அபிப்பிராயம் இருந்தது. பெண்கள் வார்டில் பதினோரு வருஷமாக டூட்டி சீட்டு போடுகிறவள் அவள். ஓரவஞ்சனை என்ற சொல்லை யாரும் அவள் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. முதுகுக்குப் பின்னால் சொன்னார்களா என்று அவளும் திரும்பிப் பார்த்ததில்லை.

வியாழக்கிழமை நாலு மணிக்குள் அடுத்த வாரச் சீட்டு மேட்ரன் மேஜைக்குப் போக வேண்டும். ஞாயிறு உத்ராடம், திங்கள் திருவோணம். யார் யாருக்கு எந்த நாள் விடுப்பு வேண்டும் என்று ஏழு நர்சுகளும் எழுதும் தாள் மருந்து அலமாரிக் கதவில் ஒட்டியிருந்தது. புதன் ராத்திரி மழை ஜன்னல் வழியாக வந்து அதைக் கஞ்சியாக்கிவிட்டது. நல்ல வேளையாக செவ்வாயன்று சாராம்மா அதை போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்திருந்தாள். கோணலாக, டியூப்லைட்டின் வெளிச்சம் கீழ்ப்பகுதியில் பளிச்சென்று அடித்த போட்டோ.

மதியச் சாப்பாடு முடிந்ததும் வார்டின் ஒரே ஆண் நர்ஸ் நௌஃபல் போனைப் பெரிதாக்கிப் படிக்க, சாராம்மா புதுத் தாளில் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டாள்.

"திங்கக்கிழமைக்கு அம்பிளி சேச்சி, ஸ்ரீலேகா, ஜிஷா. மூணு பேரும் ஓணத்துக்கு வேணும்னு எழுதியிருக்காங்க."

"ரெண்டு பேருக்குத்தான் முடியும்." காலைக்கு இருவர், மாலைக்கு இருவர், இரவுக்கு ஒருவர். ஒரு நாளைக்கு ஐந்து பேர் இல்லாமல் வார்டு நடக்காது. ஓணத்துக்கு இந்துக்களுக்கு முன்னுரிமை, கிறிஸ்துமஸுக்கு கிறிஸ்தவர்களுக்கு, பெருநாளுக்கு நௌஃபலுக்கு என்பது அந்த வார்டின் எழுதாத சட்டம். "அம்பிளிக்கும் ஸ்ரீலேகாவுக்கும் கொடு. ஜிஷா மாலை வரட்டும், வீட்டுல சத்யா, ஓண விருந்து சாப்பிட்டுட்டு வரலாம். இரவு பிரசீதா."

"அவங்க இந்த வாரமும் இரவுதானே சேச்சி?"

"அதனால என்ன? பழகின பொண்ணு."

அம்பிளிதான் தினமும் சாராம்மாவை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு வருகிறவள். அதையெல்லாம் மனசில் வைத்துச் சீட்டு போடுகிற ஆள் தான் இல்லை என்று சாராம்மா உறுதியாக நம்பினாள்.

நௌஃபல் போனைக் கண்ணருகே கொண்டுபோனான். "சேச்சி, கடைசி வரிசையில பென்சில்ல ஏதோ இருக்கு. பிரசீதா வரிசை."

"அவ எதுவும் எழுத மாட்டா. மூணு வருஷமா எழுதினதில்ல. வெளிச்சம் அடிச்சிருக்கு, அவ்வளவுதான்."

சொன்ன வேகம் அவளுக்கே உறுத்தியது. செவ்வாயன்று போட்டோ எடுக்கும்போதே அந்த வரிசையில் சாம்பல் நிறத்தில் ஏதோ இருந்ததை அவள் பார்த்திருந்தாள். கிட்டப் போய்ப் படிக்கவில்லை. படித்தால் நாலு பேராகிவிடும், நாலு பேரானால் அம்பிளியிடம் பேச வேண்டிவரும். கண்ணைத் திறந்துகொண்டே தூங்கிய கதைதான்.

நௌஃபல் விடவில்லை. போட்டோவின் வெளிச்சத்தைக் குறைத்தான். எழுத்து மெல்ல எழுந்து வந்தது. அவன் ஒவ்வொரு சொல்லாகப் படித்தான். "ஞாயிறு தூக்க நாள். திங்கள், செவ்வாய் விடுப்பு சேர்த்துக் கிடைக்குமா. சிஸ்டருக்குக் கஷ்டம்னா வேண்டாம்."

மற்ற மூவரும் பேனாவில் எழுதி அடியில் இரண்டு கோடு வேறு போட்டிருந்தார்கள். இவள் அழித்துவிட வசதியாகப் பென்சிலில் எழுதியிருந்தாள்.

"எதுக்கு மூணு நாள் இவளுக்கு?"

நௌஃபல் அவளை ஒரு மாதிரி பார்த்தான். "மக காஞ்ஞங்காட்டுல அம்மா வீட்டுல இருக்கு சேச்சி. ரயில்ல போகவே பத்து மணி நேரம். ஒத்த நாள் விடுப்புல எப்படிப் போறது?"

"மாசா மாசம் போறாளே?"

"யார் சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. சாராம்மாவே நினைத்துக்கொண்டது. மேட்ரனுக்கு அனுப்பிய பழைய சீட்டுகளின் போட்டோக்கள் போனிலேயே கிடந்தன. அவள் ஒன்றொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். பத்து வாரம். மற்றவர்களுக்கு இரண்டு முறை, மிஞ்சினால் மூன்று முறை இரவு. பிரசீதாவுக்கு ஆறு. அது போகட்டும். இரவு டூட்டி முடித்து காலையில் இறங்குகிற நாள் தூங்குவதற்கு. வார விடுப்பு அதற்கு அடுத்த நாள். மற்ற எல்லோருக்கும் அப்படித்தான் போட்டிருந்தாள். பிரசீதாவுக்கு மட்டும் தூக்க நாளையே வார விடுப்பு என்று எழுதி, மிச்சமான நாளைக் கேட்டவர்களுக்குப் பங்கு வைத்திருந்தாள். ஆறு முறையும். தன் கையெழுத்தே சாட்சி.

சாராம்மாவுக்குக் காது மடல் வரை சுட்டது. நௌஃபல் நாகரிகமாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அது இன்னும் வெட்கமாக இருந்தது.

அந்தத் தாளைக் கிழித்துவிட்டு வேறொன்றை எடுத்தாள். போன ஓணத்துக்கு யார் வீட்டில் இருந்தார்கள் என்று முதலில் பார்த்தாள். அம்பிளி, ஸ்ரீலேகா. அதற்கு முந்தின வருஷமும் அம்பிளி. ஆக இந்தத் திங்கள் ஜிஷாவுக்கும் பிரசீதாவுக்கும். ஸ்ரீலேகாவுக்கு உத்ராடத்தன்று விடுப்பு, ஓணத்தன்று மாலை. அம்பிளி ஞாயிறு முதல் புதன் வரை இரவு. வியாழன் தூக்கம், வெள்ளி விடுப்பு. அதற்குப் பிறகு மூன்று இரவு இன்னொரு நர்ஸ் ரெஜினாவுக்கு. பிரசீதாவுக்கு ஞாயிறு தூக்கம், திங்கள் விடுப்பு, செவ்வாய் பழைய பாக்கியில் ஒன்று. பாக்கி இன்னும் ஐந்து என்று ஓரத்தில் பேனாவால் எழுதினாள்.

சீட்டை ஒட்டிய இரண்டாவது நிமிஷம் அம்பிளி வந்து நின்றாள். "நல்லா இருக்கே சிஸ்டரே! சத்யா சாப்பிட்டுட்டு, வந்து நோயாளி மேலேயே தூங்கி விழவா?"

"போன வருஷம் பிரசீதா சத்யா இல்லாமலே வந்தா. தூங்கி விழல."

"அப்ப நாளையிலேர்ந்து பஸ்ல வந்துக்குங்க."

"வரேன்."

ஐந்து மணிக்கு சாராம்மா நர்ஸ் ஹாஸ்டலுக்குப் போனாள். பிரசீதா அப்போதுதான் எழுந்து தலையைக் கோதிக்கொண்டிருந்தாள். சிஸ்டர் அறை வாசலில் நிற்பதைப் பார்த்துப் பதறி எழுந்தாள்.

"யாராவது வரலையா சிஸ்டரே? இப்பவே வரணுமா?"

தான் வந்தால் அதற்காகத்தான் இருக்கும் என்று இவள் முடிவு கட்டியிருக்கிறாள். சாராம்மா சீட்டை நீட்டினாள். பிரசீதா தன் வரிசையை விரல் வைத்துப் படித்தாள். இன்னொரு முறை படித்தாள். சிரிக்கவில்லை.

"அம்பிளி சேச்சி கோவிப்பாங்களே."

"கோவிச்சாச்சு. அத விடு. தப்பு என்னோடது பிரசீதா. உன் தூக்க நாள விடுப்புன்னு கணக்கு எழுதினேன். ஆறு தடவை. நீ ஏன் ஒரு வார்த்தை கேக்கல?"

"முதல் தடவை கேட்டேன் சிஸ்டரே. 'அட்ஜஸ்ட் பண்ணு மோளே'ன்னீங்க."

சாராம்மாவுக்கு அது நினைவில்லை. யாரிடம் வேண்டுமானாலும் சொல்லியிருப்பாள், நாளுக்கு நாலு முறை சொல்கிற வார்த்தை அது.

பிரசீதா வீட்டுக்கு போன் போட்டாள். அம்மாவிடம் சொல்லி முடிப்பதற்குள் குழந்தை போனைப் பிடுங்கிக்கொண்டது. குரல் வெளியே வரை கேட்டது. "பொய்! போன தடவையும் வரேன்னுதான் சொன்னே!"

"இந்தத் தடவை நிஜம்டா. சிஸ்டரே சீட்டு எழுதிக் கொடுத்துட்டாங்க."

"நம்ப மாட்டேன்."

பிரசீதா தயங்கி, போனை நீட்டினாள். "நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க சிஸ்டரே. சொன்னா நம்புவா."

சாராம்மா வாங்கிக் காதில் வைத்தாள். மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு குழந்தை, கோபம் எதுவும் இல்லாமல், பெயர் கேட்கிறது போலக் கேட்டது.

"லீவு தராத சிஸ்டர் நீங்கதானா?"

பிரசீதா முகம் வெளுத்துக் கை நீட்டினாள். சாராம்மா போனைக் கொடுக்கவில்லை.

"ஆமா மோளே," என்றாள். "நான்தான்."