இரண்டு மணிச் சங்கு

இரண்டு மணி ஷிப்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதுதான் கம்பெனி வாசலில் இருக்கும் என் டீக்கடைக்கு உயிர் வரும். உள்ளே போகிறவர்கள் பஸ்ஸிலிருந்து குதித்து ஓடி வருவார்கள். சங்கு ஊதிய பிறகு ஒரு நிமிடம் தாமதித்தாலும் அரை நாள் சம்பளம் போச்சு. அந்தப் பத்து நிமிடத்தில் ரெண்டு பருப்புவடை, ஒரு டீ, ஒரு தம்ளர் வெந்நீர். காசு மாதக் கடைசியில். பற்று நோட்டில் பேர், தேதி, ஷிப்ட் மூன்றும் எழுதுவேன், அதில் மட்டும் நான் கறார்.

தினமும் அப்படி ஓடி வந்தவர்களில் ஒருவன் சந்துரு, அவன் இறந்து பதினெட்டு நாளாகிறது. மஞ்சள் காமாலை ஈரலைத் தின்றுவிட்டது. அன்றிலிருந்து சங்கு ஊதும் முன் அவன் குரல் எனக்குக் கேட்கிறது.

"கமலாக்கா, சூடு தாங்கலீங்க. கொஞ்சம் பச்சத்தண்ணி ஊத்துங்க."

ஊற்றினேன். தினமும் ஊற்றினேன். கொதித்த தண்ணீர் ஆற நேரமேது? பின்னாலிருந்த லாரித்தண்ணி டிரம்மில் ஒரு மக் மொண்டு அண்டாவில் கலந்துவிடுவேன். அவனுக்கு மட்டுமா, எல்லோருக்கும்தான்.

அவனுக்குக் காமாலை எங்கிருந்து வந்தது என்று விசாரிக்க ஹெல்த் இன்ஸ்பெக்டர் வந்து அடுப்பைப் பார்த்தார், என் ஹெல்த் கார்டைப் பார்த்தார். தண்ணீர் கொதிக்க வைத்ததுதானே என்றார். ஆமாம் என்றேன். போன மாதம் இங்கே யார் யார் சாப்பிட்டார்கள், எழுதி வைத்திருக்கிறீர்களா என்றார். கடை போய்விடுமே என்ற பயத்தில் இல்லை என்றேன். நோட்டு அப்போது என் மடியில் இருந்தது.

நேற்று சந்துருவின் மனைவி மௌனிகா வந்தாள். கம்பெனியில் பி.எப். காகிதத்தில் கையெழுத்துப் போட வந்தவள், கையில் மூன்று வயதுப் பெண்.

"அவரு பாக்கி எவ்வளவுங்கக்கா? கடன் வெச்சுட்டுப் போனாருன்னு பேரு வேண்டாமுங்க."

முந்நூற்று நாற்பது. வேண்டாம் என்றேன். கேட்காமல் மேஜையில் வைத்தாள்.

"பாப்பாவுக்குக் கொஞ்சம் சுடுதண்ணி குடுங்க."

கொடுத்தேன். குழந்தை உதட்டில் வைத்து, சுடுது என்று சிணுங்கியது. பாழாய்ப்போன பழக்கம். நான் நினைக்கும் முன்பே கை பின்னால் போய் டிரம்மில் மொண்டுவிட்டது. தம்ளர் மேல் மக்கைச் சாய்த்தபோது என் காதருகே அவன் சொன்னான், "ஊத்துங்கக்கா."

மக்கை வீசி எறிந்தேன். தண்ணீர் மௌனிகாவின் சேலையெல்லாம் தெறித்தது.

"இது கொதிக்க வெக்காத தண்ணி, கண்ணு. உன் ஊட்டுக்காரனுக்கும் இதத்தான் ஊத்துனேன். கேட்டவங்ககிட்ட பொய் சொல்லிட்டேன்."

சங்கு ஊதியது. அவள் குழந்தையை மார்போடு இழுத்துக்கொண்டாள். அழுவாள், அறைவாள் என்று நின்றேன். அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"இன்னும் எத்தன பேருக்குங்க?"

மடியிலிருந்த நோட்டை எடுத்து விரித்தேன். பேர், தேதி, ஷிப்ட், எல்லாம் அழகாக எழுதியிருந்தேன்.