காரணம் எழுதாத கடிதம்

பேருந்து ஓட்டுநர் நண்பனுக்குக் கடிதம் எழுத மூன்றாவது தாளை எடுத்தார். நண்பனும் அவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். நண்பன் தேர்வெழுதி டெப்போ அதிகாரியாகிவிட்டான்; இவர் ஸ்டியரிங்கோடு நின்றுவிட்டார். அதனால் இருபது வருடப் பழக்கத்தில் ஒன்றும் குறையவில்லை. குறைந்தது இவருடைய காதுதான்.

இடது காது அடியோடு போய்விட்டது. வலது காதில் ஏதோ மிச்சம் மீதி. டீக்கடை இரைச்சலில் ஒரு சொல்லும் விளங்காததால் டீக்குப் போவதை நிறுத்தினார். போனையும் எடுப்பதில்லை. நண்பனோ எழுதச் சோம்பேறி, குரல் செய்திதான் அனுப்புவான், அத்தனையும் கிண்டல். இவர் கேட்காமலேயே ஒரு சிரிப்புப் பொம்மையைத் தட்டிவிடுவார். "அம்மா போயிட்டாங்கடா" என்று அவன் அழுததற்கும் அதையே தட்டிவிட்டார். பாவி மனுஷன்! டெப்போ அறிவிப்புப் பலகையைப் பார்த்து விஷயம் தெரிந்தபோது எல்லாம் முடிந்து இரண்டு நாளாகியிருந்தது.

நேரில் பேசினால் அவன் பதில் காதில் விழாது. அதனால்தான் கடிதம்.

முதல் தாளில், "நீயும்தான் என்னைத் தேடி வரல" என்று எழுதிவிட்டார். மன்னிப்புக் கேட்கிற லட்சணமா இது என்று கிழித்தார். இரண்டாவதில் காது போன உண்மையையே எழுதினார். படித்துப் பார்த்தார். நண்பன் கறார் ஆள். தெரிந்த அன்றே வண்டியிலிருந்து இறக்கிவிடுவான். அது நியாயம் என்பதுதான் பெரிய கொடுமை. வண்டியை விட்டால் இவருக்கு வேறு தொழில் தெரியாது. அதையும் கிழித்தார்.

மூன்றாவது தாளில், செய்ததை மறைக்கவில்லை: "போன் எடுக்கல. டீக்கு வரல. அம்மா செய்திக்குச் சிரிச்சு வச்சேன். தப்பு முழுக்க என்மேலதான். உன்மேல எந்த வருத்தமும் இல்ல." காரணம் வரவேண்டிய இடத்தில் மட்டும், "ஏதோ மனசு சரியில்ல" என்று முடித்துவிட்டார்.

காலையில் டெப்போவில், வண்டிகள் உறுமிக்கொண்டிருந்த இடத்தில் கடிதத்தைக் கொடுத்தார். நண்பன் நின்றபடியே படித்தான். ஒரு வரியில் நின்று திரும்பப் படித்தான். கண்ணைத் துடைத்து, முகத்தை அப்பால் திருப்பிக்கொண்டு ஏதோ கேட்டான். உதடு தெரியவில்லை. ஒருவேளை மன்னித்துவிட்டானோ?

"சரிடா," என்றார் ஓட்டுநர், வழக்கம்போல் சிரித்துக்கொண்டே.

நண்பன் அவரையே பார்த்தான். கடிதத்தை அவர் கையில் திணித்துவிட்டு நடந்தான்.

காது விஷயம் தெரிந்த நடத்துநர் ஓடிவந்து வலது காதருகே கத்தினார்: "என்னண்ணே நீங்க! 'காரணம்கூடச் சொல்ல மாட்டே, அப்ப நமக்குள்ள எல்லாம் முடிஞ்சுதுன்னு வச்சுக்கலாமா'ன்னு கேக்குறாரு. சிரிச்சுக்கிட்டே சரிங்கிறீங்க?"

ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார். நண்பன் இன்னும் அலுவலகப் படி ஏறவில்லை. ஓடிப்போய் ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும், அவன் கிடைத்துவிடுவான். வண்டி போய்விடும்.

அவன் உள்ளே போய்க் கதவைச் சாத்தும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஏறி, வண்டியை எடுத்தார்.