பன்னிரண்டில் விற்ற அண்டா

கம்ப்யூட்டர் திரையைப் பார்த்ததும் மகாலட்சுமிக்குக் கிறுகிறுவென்று வந்தது. நவம்பரில் விற்றதற்கு எவ்வளவு வரி கட்ட வேண்டும் என்பது அவளுக்கு மனப்பாடம். மலைக்கோட்டைக்குக் கீழே சந்துக்குள் பாத்திரக்கடை வைத்திருப்பவளுக்கு இது கூடத் தெரியாதா என்ன? ஆனால் வரிப் படிவத்தில் ஏற்கெனவே நிரம்பி வந்திருந்த தொகை இரண்டாயிரம் ரூபாய் கூடுதலாக இருந்தது. அழித்துப் பார்த்தாள். அழியவில்லை. கட்டத்துக்குள் கையே வைக்க விடவில்லை.

வரி ஆலோசகர் பிலோமின்ராஜுக்குப் போன் போட்டாள். அவளுடைய மாதக் கணக்குகளை ஏற்றித் தருபவர் அவர்தான்.

"சார், நான் விக்காத சாமானுக்கெல்லாம் வரி போட்டு வச்சிருக்காங்க. இது என்ன அநியாயம்?"

"இருங்க, பாக்குறேன்." அந்தப் பக்கம் மவுஸைச் சொடுக்கும் சத்தம் கேட்டது. "இது நவம்பர் விற்பனையே இல்லைங்க. அக்டோபர்ல ஸ்ரீரங்கம் கல்யாண மஹாலுக்கு ஒரு கிரெடிட் நோட் போட்டீங்கள்ல? அவங்க அதை நிராகரிச்சுட்டாங்க. நிராகரிச்சா, நீங்க குறைச்ச வரி அடுத்த மாசம் திரும்ப உங்க தலையில ஏறிடும்."

"நிராகரிச்சாங்களா? சாமானைத் திருப்பிக் குடுத்ததே அவங்கதானே சார்!"

"அதான் எனக்கும் புரியலை. எதுக்கும் அவங்ககிட்ட ஒரு வார்த்தை பேசிப்பாருங்க. இருபதாம் தேதிக்குள்ள இதைக் கட்டித்தான் ஆகணும்."

போனை வைத்த பிறகும் அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. நடந்தது இவ்வளவுதான். ஸ்ரீரங்கத்தில் கல்யாண மஹால் நடத்தும் வேதாந்தம் ஆகஸ்டில் பெரிய எவர்சில்வர் அண்டாக்கள் வாங்கினார். அதில் நாற்பதாயிரம் ரூபாய்ப் பெறுமானமுள்ள அண்டாக்களுக்குக் கைப்பிடியில் பற்றவைப்பு விட்டுப்போயிற்று. அக்டோபரில் வண்டி வைத்துத் திருப்பி அனுப்பினார். அவளும் மறுபேச்சுப் பேசாமல் வாங்கி வைத்தாள். விற்றவர் பொருளைத் திரும்ப வாங்கினால் கிரெடிட் நோட் போட வேண்டும், போட்டாள். பணத்தையும் வரியோடு சேர்த்து அவர் கணக்குக்கு அனுப்பினாள். விற்றபோது தான் கட்டிய வரியில் அவள் அதைக் குறைத்துக்கொள்ளலாம். வாங்கியபோது தான் வரவு வைத்த வரியை அவர் அரசுக்குத் திருப்பி விட வேண்டும். கொடுக்கல் வாங்கல் அத்தோடு முடிந்தது. இதில் நிராகரிக்க என்ன இருக்கிறது?

யோசிக்க யோசிக்க ஒரே ஒரு பதில்தான் வந்தது, அதுவும் அசிங்கமான பதில். பணத்தை வாங்கிக்கொண்டு, வரி வரவையும் விடாமல் பிடித்துக்கொள்ளப் பார்க்கிறார். நாமம் போட்டவர் நமக்கே நாமம் போட்டுவிட்டார்!

இரண்டாயிரம் போனால் போகிறது, அதற்காக அவள் சாகப்போவதில்லை. அவள் கவலை வேறு. வேதாந்தம் தை மாதத்தில் இரண்டாவது மஹாலைத் திறக்கிறார். அதற்கு அண்டா, குண்டா, கரண்டி முதல் பந்தி வாளி வரை மொத்தச் சாமானும் அவள் கடையில்தான் என்று ஆவணியிலேயே வாய்மொழியாகச் சொல்லியிருந்தார். அந்த ஆர்டரை நம்பித்தான் பக்கத்துக் கடை காலியானபோது அதையும் சேர்த்து எடுத்துக்கொள்வதாக ஓனரிடம் தலையாட்டியிருந்தாள். ஆர்டர் இல்லாவிட்டால் அந்தக் கடை இல்லை. இப்படிப்பட்ட மனுஷரிடம் சண்டை போடுவதா, வாயை மூடிக்கொண்டு கட்டுவதா? முள்ளில் விழுந்த சேலை மாதிரி ஆகிவிட்டது.

மகாலட்சுமிக்கு வாயை மூடத் தெரியாது. ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டு, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஸ்ரீரங்கம் பஸ் ஏறினாள்.

மார்கழி பிறந்துவிட்டது. பஸ் முழுக்க வெளியூர்க் கூட்டம். காவிரிப் பாலத்தில் நகரவே இல்லை. கம்பியைப் பிடித்தபடி நின்றவள் என்னென்ன கேட்கவேண்டும் என்று ஒத்திகை பார்த்தாள். முதலில் நயமாகக் கேட்பது. மசியாவிட்டால் நாலு பேர் கேட்கிற மாதிரி கேட்பது. அம்மா மண்டபம் தாண்டுவதற்குள் நயம் பாதி கரைந்து போயிருந்தது.

மார்கழியில் கல்யாணம் கிடையாது என்பதால் மஹாலில் வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். ஆபீஸ் அறையில் வேதாந்தமும் அவர் மனைவி கோதைநாயகியும் இருந்தார்கள். மஹாலின் கணக்கு வழக்கு முழுக்க மாமி கையில்தான்.

"வாங்கோ மகாலட்சுமி, உக்காருங்கோ" என்றார் வேதாந்தம். குரலில் வழக்கமான குளிர்ச்சி இல்லை என்று அவளுக்குத் தோன்றியது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும், வேறென்ன!

"உக்கார வரலீங்க சாமி. பணத்தை வாங்கிக்கிட்டு எங்க கிரெடிட் நோட்டை எதுக்கு நிராகரிச்சீங்க? அந்த வரி இப்ப என் தலையில விழுந்திருக்கு. பெரிய மனுஷங்க பண்ற காரியமாங்க இது?"

வெளியே சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தவர்கள் மட்டையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். வேதாந்தத்தின் முகம் சிவந்தது. ஆனால் பேசியது மாமி.

"நன்னாருக்கே! பெரிய மனுஷா பண்ற காரியத்தை நீங்க பேசறேளா? நீங்க எங்களுக்கு எவ்வளவு திருப்பித் தந்தேள்?"

"நாப்பத்திரண்டாயிரம்."

"நாங்க எவ்வளவு குடுத்து வாங்கினோம்?"

மகாலட்சுமி மனசுக்குள் கணக்குப் போட்டாள். நாற்பதாயிரம் சாமான், அதற்கு ஐந்து சதவீதம் வரி இரண்டாயிரம், ஆக நாற்பத்திரண்டு. சரியாகத்தானே இருக்கிறது?

"நாப்பத்தி நாலாயிரத்து எண்ணூறு" என்றாள் மாமி. "ஆகஸ்ட்ல பன்னிரண்டு பர்சென்ட் போட்டு வாங்கிண்டேள். திருப்பறச்சே அஞ்சு பர்சென்ட் போட்டு அனுப்பறேள். மீதி ரெண்டாயிரத்து எண்ணூறு எங்க போச்சு?"

"மாமி, அப்ப பன்னிரண்டு. செப்டம்பர்லதான் கவர்மெண்டே அஞ்சாக் குறைச்சிருச்சே! பில் போடற கம்ப்யூட்டர்ல நானே மாத்தி வச்சேன். கிரெடிட் நோட் போடறப்ப அதுவாத்தான் அஞ்சு போட்டுச்சு. இப்ப இருக்கற வரிதானே இப்பப் போடமுடியும்?"

"பொருளை இப்பவா வித்தேள்?" என்று கேட்டார் வேதாந்தம்.

தலைக்குள் பன்னிரண்டும் ஐந்தும் ஒன்றையொன்று துரத்தின. பிலோமின்ராஜுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, ஆகஸ்ட் பில்லையும் அக்டோபர் நோட்டையும் வாசித்துக் காட்டினாள்.

"அடக் கடவுளே" என்றார் அவர். "எந்த வரியில வித்தோமோ அந்த வரியிலதாங்க கிரெடிட் நோட் போடணும். இடையில வரி ஏறினா என்ன, இறங்கினா என்ன? பன்னிரண்டுல வித்த அண்டா பன்னிரண்டுலதான் திரும்பி வரணும். நீங்க அனுப்பின தொகையை நானும் அப்படியே ஏத்திட்டேன். பழைய பில்லோட ஒத்துப் பாத்திருக்கணும், தப்புதான்."

"அப்ப அந்த ரெண்டாயிரத்து எண்ணூறு யார்கிட்ட இருக்கு? சத்தியமா நான் எடுக்கலை சார்!"

"நீங்க எடுக்கலைதான். ஆகஸ்ட்ல நாலாயிரத்து எண்ணூறு வரி கட்டிட்டு, ரெண்டாயிரம்தான் குறைச்சுக்கிட்டீங்க. மிச்சம் கவர்மெண்ட்லயேதான் இருக்கு."

இவள் அவரைத் திருடன் என்று நினைக்க, அவர் இவளைத் திருடி என்று நினைக்க, பணம் என்னவோ டெல்லியில் சமர்த்தாக உட்கார்ந்திருக்கிறது! சிரிப்பதா அழுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"நாங்க எங்க பக்கம் சரியாப் பண்ணிட்டோம்" என்றாள் மாமி. இப்போது குரல் இறங்கியிருந்தது. "அண்டாவை அனுப்பினப்பவே டெபிட் நோட் எழுதி அனுப்பினேன், பன்னிரண்டுதான் போட்டிருந்தேன். வரவு வச்ச நாலாயிரத்து எண்ணூறையும் அந்த மாசமே திருப்பி விட்டுட்டேன். நீங்க அதைப் பாக்கலையா?"

பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள். விற்றவர் போடும் நோட்டுதான் வரிக்குச் செல்லும், வாங்கினவர் எழுதுவது சும்மா காகிதம் என்று யாரோ சொன்னதை நினைத்துக்கொண்டு, வாசிக்காமலே ஆணியில் குத்திவிட்டாள். அரைகுறைப் படிப்பு ஆளைக் கெடுக்கும் என்பது சும்மாவா?

பிலோமின்ராஜ் வழி சொன்னார். இப்போது இருபதாம் தேதிக்குள் அந்த இரண்டாயிரத்தைக் கட்டிவிட வேண்டும். டிசம்பர் மாதக் கணக்கில் அதே கிரெடிட் நோட்டைப் பன்னிரண்டு சதவீதத்துக்குத் திருத்திப் போட வேண்டும். மஹால்காரர்கள் அதை ஏற்க வேண்டும். ஏற்கும்போது, எங்கள் வரவை முன்பே திருப்பிவிட்டோம், இனி திருப்ப ஒன்றும் இல்லை என்று குறிக்க வேண்டும். அப்போது முழு நாலாயிரத்து எண்ணூறும் அவள் வரியில் குறையும்.

மகாலட்சுமி அங்கேயே போனில் இரண்டாயிரத்து எண்ணூறையும் அனுப்பினாள்.

"மன்னிச்சிருங்க சாமி. நாலு பேர் முன்னாடி கத்திட்டேன். ஆனா நீங்க ஒரு போன் பண்ணியிருக்கலாமே! தொகை குறையுதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"ரெண்டாயிரத்து எண்ணூறுக்குப் போன் பண்ணிக் கேக்கறது எனக்கு என்னமோ மாதிரி இருந்தது" என்றார் வேதாந்தம். "நிராகரிச்சா உங்களுக்குத் தெரியும், தப்பா இருந்தா நீங்களே கூப்பிட்டுக் கேப்பேள்னு நெனச்சேன். ஒரு மாசம் ஆச்சு. நீங்க கேக்கவே இல்லை. அப்ப வேணும்னேதான் பண்ணியிருக்கேள்னு நெனச்சுண்டுட்டேன்."

"எனக்கு இன்னைக்குத்தாங்க தெரியும். படிவம் திறந்தாத்தானே..." அவர் முகத்தைப் பார்த்ததும் பாதியில் நிறுத்தினாள். "சாமி, தை மாச ஆர்டர்?"

வேதாந்தம் மனைவியைப் பார்த்தார். மாமி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நேத்திக்குத்தான் தெப்பக்குளத்துக் கடையில அட்வான்ஸ் குடுத்தேன்" என்றார். "இப்பப் போய்த் திருப்பிக் கேக்கறது நியாயமில்லை. அவாளும் வியாபாரிதானே."

நேற்று! ஒரு நாள் முன்னால் அந்தப் படிவத்தைத் திறந்திருந்தால்! மகாலட்சுமிக்கு அவர் மேல் கோபம் வரவேண்டும் போல இருந்தது. வரவில்லை. தன் மேல்தான் வந்தது, அதுவும் முழுசாக வரவில்லை. ஏதோ ஒரு வீட்டுக்குள் நுழைந்து வழி தெரியாமல் நிற்கிறவள் மாதிரி நின்றாள். பக்கத்துக் கடை ஓனருக்கு என்ன சொல்வது என்பதுதான் திரும்பத் திரும்ப வந்தது.

"வரேங்க" என்று படியிறங்கினாள். வேதாந்தம் வாசல் வரை கூடவே வந்தார். எதையாவது நல்லதாகச் சொல்லி அனுப்ப வேண்டும் என்று அவருக்கும் மனசு தவித்திருக்கும் போல.

"திருத்தின நோட்டு வந்த அன்னிக்கே ஏத்துக்கச் சொல்லிடறேன்மா. அதைப் பத்திக் கவலையே படாதேங்கோ."

"சரிங்க சாமி" என்றாள். தெருவில் இறங்கி நாலு எட்டு வைத்த பிறகுதான் அழுகை வந்தது.